திரையில்லாப் பலகையோடு முதல் இணைப்பு: வைஃபையா, சீரியல் கேபிளா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், கிணற்று நீர்மட்டத்தைப் பதிவுசெய்ய ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகையை மோட்டார் அறையில் வைத்திருக்கிறேன். லேன் துளை உள்ள பலகையாக இருந்தால், சாளையிலுள்ள ரவுட்டரில் கேபிளைச் செருகியே உள்ளே நுழைந்துவிடலாம். ஸீரோவில் அது இல்லை என்பதால், வைஃபை, சீரியல் கேபிள் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

வைஃபை வழி எளிது. மெமரி கார்டில் இயங்குதளத்தை எழுதும்போதே, இமேஜர் மென்பொருளில் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், நாடு ஆகியவற்றைக் கொடுத்து, வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் வசதியை இயக்கிவிட வேண்டும். (2022 முதல் `pi` என்ற பயனர் தானாக உருவாவதில்லை, ஆகவே எந்த வழியானாலும் பயனரை நாமே அமைக்க வேண்டும்.) ஆனால் இணைப்பு கிடைக்காதபோது, கடவுச்சொல் தவறா, கார்டு பழுதா, பலகை கிளம்பவே இல்லையா என்பதை அறிய வழியில்லை, எல்லாவற்றுக்கும் மடிக்கணினி `Could not resolve hostname` என்றே சொல்லும்.

அதனால்தான் நான் சீரியல் கேபிள் பக்கம் சாய்கிறேன். கார்டின் `bootfs` பகுதியிலுள்ள `config.txt` கோப்பில் `enable_uart=1` என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சீரியல் கேபிளாகப் பயன்படும் யுஎஸ்பி-டிடிஎல் கேபிளின் ஜிஎன்டி கம்பியைப் பலகையின் 6ஆம் ஊசியிலும், கேபிளின் ஆர்எக்ஸை 8ஆம் ஊசியிலும், டிஎக்ஸை 10ஆம் ஊசியிலும் செருக வேண்டும். கேபிள் 3.3 வோல்ட் சமிக்ஞை தருவதாக இருக்க வேண்டும். 5 வோல்ட் சமிக்ஞை பலகையைக் கெடுத்துவிடும். சிவப்புக் கம்பியை எதிலும் செருகாமல் விட்டுவிட்டு, லினக்ஸ் மடிக்கணினியில் இதைக் கொடுத்தபின் பலகைக்கு மின்சாரம் தர வேண்டும்:

```
screen /dev/ttyUSB0 115200
```

பலகை கிளம்பும் செய்திகள் ஓடி முடிந்து, `login:` வந்து நிற்கும். திரை வெறுமையாக இருந்தால் டிஎக்ஸும் ஆர்எக்ஸும் இடம் மாறியிருக்கலாம். புரியாத குறிகள் ஓடினால் வேகம் பொருந்தவில்லை.

பின்னாளைய பராமரிப்பில்தான் இந்தக் கேபிளின் அருமை தெரிந்தது. இணைய நிறுவனத்தார் சாளையின் ரவுட்டரை மாற்றிச் சென்ற பிறகு பலகை தொடர்பற்றுப்போனது. கேபிள் வழியே நுழைந்து `nmcli dev wifi list` கொடுத்ததும், பக்கத்துத் தோட்டத்தின் வைஃபை பெயர் பட்டியலில் இருந்தது, எங்களுடையது இல்லை. புதிய ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பியது. ஸீரோ 2 டபிள்யூவுக்கோ 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 2.4 அலைவரிசையை இயக்கிவிட்டு, கார்டைக் கழற்றாமலே இணைத்துவிட்டேன்:

```
sudo nmcli dev wifi connect "Thoppu" password "********"
```

கேபிளுக்கும் குறைகள் உண்டு. மடிக்கணினியோடு பலகையின் அருகிலேயே உட்கார வேண்டும். ஊசிகள் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய கோப்புகளை அனுப்ப இது உதவாது. யுஎஸ்பி கேபிளையே வலையிணைப்பாக்கும் மூன்றாவது வழியை நான் அதிகம் பழகவில்லை. ஆகவே அதைப் பரிந்துரைக்கத் துணியமாட்டேன். அன்றாட வேலைக்கு வைஃபையையே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த மூன்று கம்பிகளையும் ஊசிகளிலேயே விட்டு, பெட்டிக்கு வெளியே முனைகளைப் பெயர் ஒட்டி வைத்திருக்கிறேன்.