அட்ரோபினா, பாமா? பூச்சிமருந்து விஷத்தில் எந்த ஊசி உயிரைப் பிடித்து நிறுத்துகிறது

பூச்சிமருந்து உள்ளே போய்விட்டது என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், கூட வந்தவர்களில் விவரம் தெரிந்த ஒருவர், “பாம் ஊசி இருக்கிறதா, டாக்டர்? இல்லையென்றால் சொல்லுங்கள், மதுரைக்கே கொண்டுபோய்விடுகிறோம்” என்பார். அவர் சொல்வது பிராலிடாக்சிம். அதுதான் அசல் முறிவு மருந்து, அட்ரோபின் சும்மா துணைக்குப் போடுவது என்ற எண்ணம் உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. வரிசை நேர்மாறானது என்பது என் கட்சி.

மற்ற விஷங்களில் இந்தப் பஞ்சாயத்தே வராது. பாரசிட்டமால் அளவு மீறினால், கல்லீரலில் அதன் நச்சுக்கழிவைச் செயலிழக்கவைக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. அசிட்டைல்சிஸ்டீன் அதை மறுபடி நிரப்புகிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை அடக்கினால் நலாக்சோன், அவை உட்கார்ந்த இடத்திலிருந்து அவற்றைத் தள்ளிவிடுகிறது. அதன் வேலை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் நோயாளி மறுபடி மயங்கலாம்; கவனிக்க வேண்டியது அதுதான். இரண்டு விஷத்துக்கும் ஆளுக்கொரு மருந்து. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துக்குத்தான் இரண்டு மருந்துகள், இரண்டு வேறு இடங்களில் வேலை செய்கின்றன.

நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் ஒரு நொதி உடைத்துவிட வேண்டும். பூச்சிமருந்து அந்த நொதியைப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. அசிட்டைல்கோலின் குவிகிறது. சுரப்பிகளிலும் மூச்சுக்குழாயிலும் அது குவிந்தால் எச்சில், வியர்வை, வயிற்றுப்போக்கு, நுரையீரல் நிறையச் சளி, இதயம் மந்தமாகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். தசைகளில் குவிந்தால் முதலில் துடிப்பு, பிறகு தளர்ச்சி. (மார்ஃபின் வகையிலும் கண்மணி ஊசிமுனைதான். ஆனால் அந்த நோயாளியின் தோல் உலர்ந்திருக்கும். இவரோ நனைந்து கிடப்பார்.)

அட்ரோபின் நொதியைத் தொடுவதே இல்லை. சுரப்பிகளிலும் மூச்சுக்குழாயிலும் இதயத்திலும் அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தசைகளில் அதற்குப் பிடிமானம் கிடையாது. பாம் நேராக நொதியிடமே போகிறது. அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைப் பிடுங்கி, நொதியை மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. காகிதத்தில் பார்த்தால் பாமுக்குத்தான் வெற்றி. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் நுரையீரலில் நிறையும் நீரும் திணறும் மூச்சும். அதை நிமிடக் கணக்கில் நிறுத்துவது அட்ரோபின்.

ஓர் உதாரணம். மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்யும் 60 கிலோ எடையுள்ள ஒருவர், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்தைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வரும்போது நாடித்துடிப்பு 52, நெஞ்சு முழுவதும் கொரகொரவென்ற சத்தம், சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கிறது. நம் ஊர் அட்ரோபின் ஆம்பியூலில் இருப்பது 0.6 மி.கி. மூன்று ஆம்பியூல், அதாவது 1.8 மி.கி., உடனே நரம்பில் ஏற்றுகிறோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மாற்றமில்லை, இரட்டிப்பாக்கி 3.6. இன்னும் ஐந்து நிமிடம். நாடி 70, நெஞ்சில் சத்தம் பாதி. மறுபடி இரட்டித்து 7.2. இப்போது நெஞ்சு தெளிந்துவிட்டது, நாடி 96, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-ஐத் தாண்டிவிட்டது, அக்குள் உலர்ந்திருக்கிறது. மொத்தம் 12.6 மி.கி., அதாவது 21 ஆம்பியூல். இதில் 10 முதல் 20 சதவீதத்தை, அதாவது மணிக்கு ஏறக்குறைய 1.3 முதல் 2.5 மி.கி. வரை, டிரிப்பில் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

தவறு நடப்பதும் இங்கேதான். 21 ஆம்பியூலா என்று கை கூசும். இரண்டிரண்டாகப் போட்டுக் காத்திருப்பார்கள். வங்கதேசத்தில் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், விட்டுவிட்டு ஒரே அளவாகப் போடும் பழைய முறையில் நோயாளி சீராக இரண்டரை மணி நேரம் ஆனது. இரட்டித்துக்கொண்டே போன முறையில் 24 நிமிடம். இறப்பு முன்னதில் 22.5 சதவீதம், பின்னதில் 8. மருந்து ஒன்றேதான், கொடுத்த விதத்தில்தான் இத்தனை வித்தியாசம்.

கண்மணி விரியட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். அது கடைசியில்தான் அசையும். ஒரு பக்க நெஞ்சில் மட்டும் சத்தம் விடாமல் இருந்தால், வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அதற்கு அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போவது வீண். வீட்டில் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ புகட்டி வாந்தி எடுக்கவைப்பதில் வரும் வினையும் இதுதான். மறுபக்கம், நோயாளி உளறி, உடம்பு கொதித்து, வயிற்றில் குடல் சத்தமே இல்லாமல் போனால் மருந்து மிஞ்சிவிட்டது. டிரிப்பை அரை மணி, ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு குறைத்துத் தொடங்க வேண்டும்.

இனி பாம். அதற்கு ஒரு கெடு உண்டு. பூட்டிக்கிடக்கும் நொதி, நேரம் போகப்போக இறுகிவிடும். அப்புறம் பாமால் பிரிக்க முடியாது. எத்தனை நேரம் என்பது பாட்டிலில் இருந்த மருந்தைப் பொறுத்தது. மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட் போன்ற டைமெத்தில் வகையில் நாலு மணி நேரத்துக்குள்ளேயே ஏறக்குறைய பாதி இறுகிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பாமிடம் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற டையெத்தில் வகையில் பாதி இறுக 33 மணி நேரம் ஆகும்; சில நாட்கள் அவகாசம் இருக்கிறது. புரொபனோபாஸ் மிக வேகமாக இறுகும். பாமுக்கு வாய்ப்பே குறைவு. காலிப் பாட்டிலை அருவருத்துத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், மணிக்கு ஒரு கிராம் என்று 48 மணி நேரம் பாம் தொடர்ந்து பெற்றவர்களில் இறப்பு 1 சதவீதம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிராம் பெற்றவர்களில் 8. பெரும்பாலோர் சீக்கிரமே வந்தவர்கள், தீவிர சிகிச்சை வசதியும் நன்றாக இருந்தது. இலங்கையில் 235 பேரிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில் பாம் பெற்றவர்களில் 24.8 சதவீதம் பேரும், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 15.8 சதவீதம் பேரும் இறந்தார்கள். இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் நொதி மீண்டும் உயிர்பெற்றது தெரிந்தும் உயிர் பிழைத்தவர் கூடவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

ஆகவே நம் நோயாளி சீக்கிரம் வந்து, பாட்டிலில் குயினால்பாஸ் என்றிருந்தால் நான் பாம் கொடுப்பேன்: அட்ரோபின் நெஞ்சைத் தெளிவாக்கிய பிறகு, கிலோவுக்கு 30 மி.கி. வீதம் சுமார் 1.8 கிராமை 20-30 நிமிடத்தில் மெதுவாக ஏற்றி, பிறகு மணிக்கு 480 மி.கி. அவசரப்பட்டு வேகமாகச் செலுத்தினால் இதயமே நின்றுபோகலாம். பாட்டிலில் இருந்தது புரொபனோபாஸ் என்றால் கையை வைக்க மாட்டேன். பாம் இல்லை என்பதற்காக, உசிலம்பட்டியில் அட்ரோபின் போடாமல் மதுரைக்கு 40 கிலோமீட்டர் அனுப்பிவைப்பதை மட்டும் ஏற்கவே முடியாது. ஆக்சிஜன் சிலிண்டர் வந்த பிறகுதான் அட்ரோபின் என்று காத்திருப்பதும் அப்படித்தான்.

இரண்டு மருந்தும் கைவிடும் கட்டம் ஒன்று உண்டு. ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும் நோயாளியின் கழுத்துத் தசை தளர ஆரம்பிக்கும். அடுத்து மூச்சுத் தசை. அட்ரோபின் அங்கே எட்டாது, பாமும் தடுத்ததாக உறுதியில்லை. செயற்கைச் சுவாசம் ஒன்றுதான் வழி. அதனால் வார்டில் இருக்கும் செவிலியர் வேளாவேளைக்குக் கேட்க வேண்டிய கேள்வி: “அண்ணே, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள், பார்ப்போம்.” தூக்க முடியவில்லை என்றால் சாதா வார்டில் வைத்திருக்கக் கூடாது.