ஒரு காண்டாக்டரா, இரண்டா? மின்விசிறியையும் விளக்கையும் இன்வெர்ட்டருக்கு மாற்ற

லைனையும் பேட்டரியையும் தானே மாற்றிக்கொள்ளும் வீட்டு இன்வெர்ட்டர் என்றால் இந்த வேலையே வேண்டாம். தனியாக ஓடும் சோலார் இன்வெர்ட்டருக்குத்தான், லோடை லைனிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாற்ற, வெளியே ஒரு சேஞ்ச்ஓவர் தேவை. நான்கு மின்விசிறி, ஆறு எல்.இ.டி. விளக்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 350 வாட், 2 ஆம்பியர்கூட வராது.

காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் முனைகளை இழுத்து மாற்றும் சுவிட்ச்தான் காண்டாக்டர். கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் முனை என்.ஓ., மூடியிருக்கும் முனை என்.சி. முதல் வழி, இரண்டு என்.ஓ., இரண்டு என்.சி. மெயின் முனைகள் கொண்ட ஒரே காண்டாக்டர். காயிலுக்கு லைன் கரண்ட். லைன் இருந்தால் என்.ஓ. வழியே லைன், போனால் ஸ்பிரிங் தள்ளி என்.சி. வழியே இன்வெர்ட்டர். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும்போது காயில் பேட்டரியைத் தின்பதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பக்கவாட்டில் மாட்டும் ஆக்ஸிலரி என்.சி.யில் லோடு கொடுத்துவிடாதீர்கள். அது கட்டுப்பாட்டு வேலைக்கானது.

இதன் பலவீனம் லோ வோல்டேஜில் தெரியும். 230 வோல்ட் காயில் இழுக்க 195 வோல்ட் அளவு போதும், ஆனால் இழுத்தபின் 170 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் விடாமல் பிடித்திருக்கலாம். விசிறி தவழும், பேட்டரி சும்மா இருக்கும். வோல்டேஜ் மேலும் கீழும் ஆடினால் காண்டாக்டர் கடகடவென்று அடித்து முனைகள் கருகும். இதற்கு மருந்து, காயிலுக்கு முன் ஒரு வோல்டேஜ் ரிலே. 190 வோல்ட்டுக்குக் கீழே வெட்டு, லைன் திரும்பினால் ஒரு நிமிடம் நிலைத்தபின் சேர் என்று அமைத்தால் சரி.

இரண்டாவது வழியில் லைனுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றின் காயிலும் மற்றதன் ஆக்ஸிலரி என்.சி. வழியாகப் போகும், கூடவே இரண்டும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக்கும், இடைவெளிக்கு டைமரும் வேண்டும். இடைவெளி ஏன்? இரு சப்ளையும் ஒரே ஃபேஸில் இருக்காது. எதிரெதிராக இருக்கும் கணத்தில் முனைகளுக்கிடையே 650 வோல்ட் வரை நிற்கும், பழைய ஆர்க் அணையாமல் புதியது சேர்ந்தால் இன்வெர்ட்டர் போய்விடும். பம்ப், ஃபிரிட்ஜ் மாதிரி பெரிய மோட்டாருக்கு இந்தப் பாதுகாப்பு அவசியம். ஆனால் பேட்டரியில் ஓடும் நேரமெல்லாம் இன்வெர்ட்டர் பக்கக் காயில் அதிலிருந்து இரண்டு மூன்று வாட் இழுக்கும்.

எங்கள் 350 வாட்டுக்கு ஒற்றைக் காண்டாக்டரும் வோல்டேஜ் ரிலேயுமே போதும் என்பது என் கணிப்பு. ஒரு குறை மட்டும் உண்டு: காயில் எரிந்தால் எந்தச் சத்தமும் இல்லாமல் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடும். லைன் இருக்கும்போதே பேட்டரி இறங்கினால் முதலில் காயிலைத்தான் பார்க்க வேண்டும்.

எதைப் போட்டாலும் லைன் பிரேக்கரை இறக்கி, இன்வெர்ட்டரை ஓடவிட்டு, காண்டாக்டரின் லைன் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 230 வந்தால் முனை ஒட்டியிருக்கிறது, அல்லது வயரிங் தப்பு. உங்கள் பேட்டரி தெருக் கம்பிக்குக் கரண்ட் அனுப்பத் தயாராக இருக்கிறது.