1,500 சொல் கட்டுரை, 8 ஸ்லைடு: எதை வெட்டுவது, எதை வைப்பது

ஒரே பதிவில் பல படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் இன்ஸ்டாகிராம் கேரசலில் இப்போது 20 ஸ்லைடு வரை போடலாம். நீளமான பிளாக் கட்டுரையைக் கேரசலாக்க உட்காருபவர் சறுக்குவது இங்கேதான். இடம் இருக்கிறதே என்று பத்திக்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கினால் எல்லாப் பத்தியும் பாதியாகச் சுருங்கும், எதுவும் முழுதாகப் புரியாது. தொடர்ந்து செய்து பார்த்ததில் தெரிவது இது: பத்திகளை இளைக்க வைக்கக்கூடாது, சிலவற்றை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

இட்லி மாவு பொங்காதது பற்றிய 1,500 சொல் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து அளவு, கிரைண்டரா மிக்ஸியா, உப்பு எப்போது, குளிர், பாத்திரம், நடுவே நொதித்தலின் அறிவியல் எல்லாம் அதில் இருக்கும். முதலில் ஒவ்வொரு பத்தி சொல்வதையும் ஓரத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு முதல் ஸ்லைடின் கேள்வியை முடிவு செய்யுங்கள்: "குளிர்காலத்தில் மாவு பொங்கவில்லையா?" இதற்குப் பதில் சொல்லாத வரிகள் அத்தனையும் போகும். கிரைண்டர் பகுதிதான் கட்டுரையிலேயே நன்றாக எழுதப்பட்டது என்றாலும் அதுவும் போகும். அதைத் தனிக் கேரசலாக்கலாம்.

வெட்டவே கூடாதது நிபந்தனை. கட்டுரையில் "ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வையுங்கள்" என்று இருக்கும். இடத்துக்காக அது "ஓவனுக்குள் வையுங்கள்" என்று ஆகிவிட்டால், படிப்பவர் ஓவனைப் போட்டுவிடுவார். மாவு ஓரத்தில் வெந்து போகும், நொதிக்கவும் நொதிக்காது. நிபந்தனையை அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளுவதும் ஆபத்துதான். பலர் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள், நிபந்தனையில் கை வைக்காதீர்கள்.

1080க்கு 1350 பிக்சல் ஸ்லைடில் தமிழில் 25 சொல் வரை வசதியாக நிற்கும். அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும். "புளிக்கவைப்பதற்காக" போன்ற நீளச் சொல் வரியின் கடைசியில் தனியாகத் தொங்கும். அதை "புளிக்க" என்று மாற்றினால் வரி அடங்கும். முதல் ஸ்லைடைக் கடந்து போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் இரண்டாவதைக் காட்டும். அதனால் இரண்டாவதும் முதலாவதைப் படிக்காமலே புரிய வேண்டும். "இதற்குக் காரணம்" என்று அதைத் தொடங்கினால் எதற்கு என்று தெரியாமல் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

வெட்டி முடித்ததும், கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் போனில் காட்டுங்கள். இட்லி கேரசலில் பெரும்பாலும் வரும் கேள்வி, "எவ்வளவு நேரம் வைக்கணும்?" வெயில் காலத்தில் 8 மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிரில் 12 மணி நேரத்தைத் தாண்டும் என்ற வரி வெறும் விளக்கமாகத் தோன்றியதால் வெட்டப்பட்டிருக்கும். அதை கேப்ஷனில் சேர்த்தால் ஸ்கிரீன்ஷாட்டில் வராது. ஓவன் விளக்கு ஸ்லைடிலேயே, நிபந்தனைக்குக் கீழே அது திரும்ப உட்கார வேண்டும்.