15-இல் 14 பாஸ்: இன்னும் எத்தனை நிமிடம் கொடுக்கலாம்?

வேலைக்கான ஆன்லைன் கோடிங் டெஸ்ட்களைச் சில வருடங்களாக எழுதி வருகிறேன். வெவ்வேறு தளங்கள், வெவ்வேறு நிறுவனங்கள். ஆனாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 90 நிமிடம், மூன்று கேள்விகள், கண்ணுக்குத் தெரியும் இரண்டு மூன்று சாம்பிள்கள், தெரியாத ஒரு டஜன் டெஸ்ட் கேஸ்கள். தலா 30 நிமிடம் என்று மூன்று கேள்விகளுக்கும் சமமாகப் பங்கு போடுவது எனக்கு ஒருபோதும் சரிவரவில்லை. ஒரு கேள்வியில் இன்னும் உட்காரலாமா, எழுந்து அடுத்ததுக்குப் போகலாமா என்பதை சப்மிட் செய்தபின் வரும் முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறேன். இந்த அனுபவப் பகிர்வு அதைப் பற்றியது.

முதல் ஐந்து நிமிடம் கோட் எழுதுவதில்லை. மூன்று கேள்விகளிலும் கடைசியில் இருக்கும் கன்ஸ்ட்ரெயிண்ட்களைத்தான் முதலில் படிப்பேன். `n` 1000-க்குள் என்றால் இரட்டை லூப் போதும். 2 லட்சம் என்றால் போதாது. சி++ ஒரு நொடியில் சுமார் 10 கோடி எளிய செயல்களைச் செய்யும் என்பது பொதுவான கணக்கு. பைத்தானுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். எதை முதலில் எடுப்பது என்பதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் போதும். கூடவே விதிமுறைப் பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடுவேன்: பாஸ் ஆன கேஸ்களுக்கு ஏற்றபடி பகுதி மதிப்பெண் உண்டா, தவறான சப்மிஷனுக்கு அபராதம் உண்டா, எடுத்துக்கொள்ளப்படுவது கடைசி சப்மிஷனா அல்லது சிறந்ததா.

போட்டிகளில் பழகியவர்கள் அபராத விஷயத்தில் தேவையில்லாமல் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். லீட்கோட் வாராந்திரப் போட்டியில் ஒவ்வொரு தவறான சப்மிஷனுக்கும் 5 நிமிடம், ஐசிபிசி-யில் 20 நிமிடம் அபராதம். நான் எழுதிய வேலைத் தேர்வுகளில் அப்படி எதுவும் பெரும்பாலும் இருந்ததில்லை. அபராதம் இல்லாத இடத்தில் ஹிட்டன் டெஸ்ட் ரிசல்ட் என்பது இலவசமாகக் கிடைக்கும் தகவல். அதைக் கேட்டு வாங்காமல் இருப்பதுதான் நஷ்டம்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். `n` எண்கள் கொண்ட ஒரு அரே. தொடர்ச்சியான எத்தனை துண்டுகளின் கூட்டல் `k` வரும்? `n` 2 லட்சம் வரை, ஒவ்வொரு எண்ணும் மைனஸ் 100 கோடி முதல் 100 கோடி வரை. மைனஸ் எண்கள் இருப்பதால் ஸ்லைடிங் விண்டோ உதவாது. வேகமான வழி மனதில் தோன்றினாலும் நான் முதலில் இரட்டை லூப்பையே எழுதி சப்மிட் செய்துவிடுவேன். ஐந்தாறு நிமிட வேலைதான். 15 கேஸ்களில் முதல் 8 பாஸ், மீதி எல்லாம் `Time Limit Exceeded` என்று வந்தால் எனக்கு மகிழ்ச்சியே. கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு அந்த 8 நல்ல சான்று. குறை வேகத்தில் மட்டும்தான். அதே இடத்தில் இரண்டு மூன்று `Wrong Answer` வந்திருந்தால், வேகத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கேள்வியை மறுபடி படிப்பேன்.

அடுத்து ப்ரிஃபிக்ஸ் சம், ஹாஷ் மேப்:

```cpp
long long sum = 0;
int cnt = 0;
unordered_map<long long,int> seen;
seen[0] = 1;
for (int x : a) {
    sum += x;
    auto it = seen.find(sum - k);
    if (it != seen.end()) cnt += it->second;
    seen[sum]++;
}
```

சப்மிட் செய்தால் 14 பாஸ், ஒன்று மட்டும் `Wrong Answer`. மணி 40-ஆவது நிமிடத்தைத் தாண்டியிருக்கிறது, மூன்றாவது கேள்வியைத் தொடவே இல்லை. நேரம் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒன்றுதானே என்று உட்கார்ந்தால் 25 நிமிடம் போனதே தெரியாது. பகுதி மதிப்பெண் உள்ள தேர்வில் அந்த ஒரு கேஸின் மதிப்பு இந்தக் கேள்வியின் பதினைந்தில் ஒரு பங்கு. மூன்றாவது கேள்விக்கு ஒரு இரட்டை லூப் எழுதினாலே அதைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

அதனால் இப்படி ஒற்றைக் கேஸ் தோற்கும்போது நான் கொடுப்பது ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தையும் கோடை வெறித்துப் பார்ப்பதில் செலவிடக் கூடாது. முதலில் எழுதிய இரட்டை லூப் கையில் இருக்கிறதே, அதை வேறு பெயரில் ஒரு ஃபங்ஷனாக வைத்துக்கொண்டு, ஆறு எண்களுக்குள் அடங்கும் ரேண்டம் அரேக்களை இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடலாம். எண்கள் மைனஸ் 2 முதல் 2 வரை இருக்கட்டும். வீச்சு சின்னதாக இருந்தால்தான் ஒரே கூட்டல் திரும்பத் திரும்ப வரும். `seen[0] = 1` விட்டுப்போயிருந்தால் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் தேர்வு எடிட்டருக்குள்ளேயே செய்துவிடுகிறேன், ஏனெனில் வேறு டேபுக்குப் போவதைப் பல தளங்கள் பதிவு செய்கின்றன.

மேலே உள்ள கோட் இந்தச் சோதனையில் ஒரு முறைகூடத் தோற்காது. லாஜிக் சரி என்பதால், சந்தேகம் நேராகப் பெரிய அளவுகளுக்குப் போக வேண்டும். எல்லா எண்களும் பூஜ்யம், `k`-யும் பூஜ்யம் என்றால் ஒவ்வொரு துண்டும் கணக்கில் சேரும். `n(n+1)/2` என்றால் 2 லட்சத்துக்கு 2000 கோடிக்கும் சற்று மேல். `int` தாங்குவது சுமார் 214 கோடி. `sum`-ஐ `long long` ஆக்கியவர் `cnt`-ஐ விட்டுவிட்டார், அவ்வளவுதான். சாதாரண ரேண்டம் கேஸ்களில் விடை சின்னதாக இருப்பதால் 14 தாண்டிவிட்டன. 2 லட்சம் பூஜ்யங்களை ஒட்டத் தேவையில்லை. அரேயை கோடுக்குள்ளேயே நிரப்பி ஓட்டினால் விடை தவறாக வருவது கண்ணெதிரே தெரியும்.

ஐந்து நிமிடத்தில் பிடிபடாவிட்டால் எழுந்துவிடுவேன். மூன்றாவது கேள்வியின் இரட்டை லூப் சப்மிட் ஆனபிறகு திரும்பி வரலாம். அப்போது புதுக் கண்ணோடு பார்க்கிறோம் என்பது கூடுதல் லாபம்.

கடைசி ஐந்து நிமிடத்தில் எதையும் திருத்துவதில்லை. நேரம் முடிந்ததும் எடிட்டரில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. பாதி மாற்றிய, கம்பைல் ஆகாத கோட் அங்கே இருந்தால், முன்பு வாங்கிய 14 கேஸும் போய்விடும். கடைசி சப்மிஷன்தான் கணக்கு என்றால், அதிகக் கேஸ் தாண்டிய பதிப்பை மறுபடி ஒட்டி, ஓட்டிப் பார்த்து, சப்மிட் செய்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

பகுதி மதிப்பெண் இல்லாத, எல்லாக் கேஸும் தாண்டினால்தான் மதிப்பெண் என்கிற தேர்வுகளில் இந்த முறையில் பாதி அடிபட்டுப் போகிறது. அங்கே இரட்டை லூப்பை ஒப்பீட்டுக்கு மட்டும் எழுதுகிறேன். 14 என்பதும் அங்கே பூஜ்யத்துக்குச் சமம், ஆகவே மூன்றாவது கேள்வியைப் புதிதாகத் தொடங்குவதைவிட அந்த ஒற்றைக் கேஸில் 20 நிமிடம் உட்காருவதே அங்கு சரி. சப்மிட் செய்தபிறகும் ஹிட்டன் ரிசல்ட்டைக் காட்டாத தளங்கள் இன்னொரு வகை. அங்கே அடுத்த கேள்விக்குப் போகும் முன்பே ரேண்டம் ஒப்பீட்டையும் பெரிய அளவுச் சோதனையையும் முடித்துவிடுகிறேன்; கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது, அதற்காக மூன்றில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் தயாராகத்தான் போகிறேன்.