சாஃப்ட்மேக்ஸை விட்டு சிக்மாய்டுக்கு மாறினால்: செய்திகளுக்கு டேக் போடுவதில் கண்டது

ஒரு செய்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டேக் இருக்கலாம் என்றால், எல்லா டேக்குக்கும் மொத்தம் 1 வரும்படி வாய்ப்பைப் பங்கிடும் சாஃப்ட்மேக்ஸ் உதவாது, ஒவ்வொரு டேக்குக்கும் தனித்தனியாக வாய்ப்பு தரும் சிக்மாய்டும் பைனரி கிராஸ் என்ட்ரபியும்தான் வேண்டும் என்று எல்லா டுடோரியலும் சொல்லும். மாறிய பிறகு எங்கே இடறும் என்பதைத்தான் பாதியில் விட்டுவிடும். அதைப் பார்க்க ராய்ட்டர்ஸ்-21578 என்ற செய்தித் தொகுப்பு நல்ல களம். 1987-ம் ஆண்டுச் செய்திகள், பைதான் நூலகமான என்.எல்.டி.கே.வில் கிடைக்கும் வடிவத்தில் 90 லேபிள்கள், பயிற்சிக்கு 7769 செய்திகள், சோதனைக்கு 3019.

கோதுமை பற்றிய செய்திக்கு `wheat` மட்டுமல்ல, அநேகமாக `grain` டேக்கும் இருக்கும். மாடல் தரும் கச்சா மதிப்பெண்ணான லாஜிட் இரண்டுக்கும் 4, `corn`-க்கு -2 என்று வைத்து, இந்த மூன்றை மட்டும் கணக்கிடுவோம். சாஃப்ட்மேக்ஸ் முதல் இரண்டுக்கும் 0.5 கொடுக்கும், சிக்மாய்ட் 0.98 கொடுக்கும். `corn` லாஜிட்டும் 4 ஆனால் சாஃப்ட்மேக்ஸில் மூன்றும் 0.33-க்கு இறங்கிவிடும், சிக்மாய்டில் மூன்றும் 0.98-லேயே நிற்கும். மாடலின் உறுதி குறையவில்லை, ஒரே சோற்றை மூன்று பேர் பங்கிட்டதுதான் காரணம். அதனால் சாஃப்ட்மேக்ஸில் இதற்கு மேல் வந்தால் டேக் போடு என்று எந்த வரம்பு வைத்தாலும், அது அந்தச் செய்திக்கு எத்தனை டேக் என்பதைப் பொறுத்து மாற வேண்டியிருக்கும். அந்த எண்ணிக்கையோ நமக்கு முன்கூட்டித் தெரியாது. மூன்று லாஜிட்டும் -5 என்றாலும் சாஃப்ட்மேக்ஸ் 0.33 என்றே சொல்லும். 'எதுவுமே பொருந்தவில்லை' என்று சொல்ல அதற்கு வழியே இல்லை.

மாறியதும் முதலில் குழப்புவது லாஸ் எண். 90 லேபிளில் சாஃப்ட்மேக்ஸ் ஏறக்குறைய 4.5-ல் தொடங்கும், பைனரி கிராஸ் என்ட்ரபி 0.69-ல். இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. பைடார்ச்சின் `BCEWithLogitsLoss` வழக்கமாக எல்லா லேபிளுக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது, அதாவது 90-ஆலும் வகுக்கிறது. எஸ்.ஜி.டி.யில் பழைய லேர்னிங் ரேட்டையே வைத்தால் மாடல் நகராத மாதிரி இருக்கும். ஆடம் இந்த அளவு வித்தியாசத்தைப் பெரும்பாலும் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

லாஸ் 0.69-ஐ விட்டு இறங்கவே இல்லையா? மாடலின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே ஒரு `sigmoid` இருக்கும். லாஸுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை போட்டால் வெளிவரும் மதிப்பு 0.5-க்கும் 0.73-க்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், 'இல்லை' என்று சொல்லவே முடியாது. எரர் எதுவும் வராது என்பதுதான் இதில் எரிச்சல்.

அடுத்தது வெற்று 'இல்லை'களின் கடல். ஒரு செய்திக்குச் சராசரியாக ஒன்றேகால் டேக்கைத் தாண்டாது, ஆகவே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றாலே 98 சதவீதத்துக்கு மேல் அக்யூரசி வந்துவிடும். அந்த எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிடலாம். பயிற்சியின் தொடக்கம் இந்த 'இல்லை'யைக் கற்பதிலேயே வீணாகாமல் இருக்க, கடைசி அடுக்கின் பயஸை ஒவ்வொரு லேபிளின் விகிதத்திலிருந்து தொடங்குவது நல்லது:

```python
p = y_train.float().mean(0).clamp(min=1e-4)
head.bias.data = torch.log(p / (1 - p))
```

`corn` 7769-ல் 181 செய்திகளில்தான் வருகிறது. அதன் பயஸ் -3.7 அளவில் தொடங்கும்.

பலரும் இதற்குப் பதில், டேக் இருக்கும் இடங்களின் லாஸுக்குக் கூடுதல் எடை தரும் `pos_weight`-ஐ நாடுகிறார்கள். இல்லாதவற்றை இருப்பவற்றால் வகுத்தால் `corn`-க்கு 42 வரும். அதை அப்படியே போட்டால் மாடல் 0.5 என்று சொல்லும் இடத்தில் உண்மையான வாய்ப்பு 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ரீகால் அள்ளும், ஆனால் பருத்திச் செய்திக்கும் `corn` டேக் விழும். எடை எதுவும் போடாமல், பயிற்சிச் செய்திகளிலிருந்தே வேலிடேஷனுக்கு ஒரு பகுதியைப் பிரித்து, லேபிளுக்கு லேபிள் வரம்பைத் தேடுவதே மேல். வாய்ப்புகள் நம்பத்தக்கவை என்றால், எஃப்1-க்கு உகந்த வரம்பு எட்டக்கூடிய உச்ச எஃப்1-இல் சரிபாதி: எஃப்1 0.8 என்றால் வரம்பு 0.4 அருகில். தேடிக் கிடைத்தது 0.9 என்றால் எங்கோ ஏதோ கோணல் என்று பொருள். `rye` போன்ற லேபிளுக்குப் பயிற்சியில் ஒரே ஒரு செய்திதான். அதற்குத் தனி வரம்பு தேடுவது சீட்டுக் குலுக்கல். அத்தகைய லேபிள்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பொது வரம்பு வைப்பதுதான் சரி.

சிக்மாய்டுக்கும் ஒரு குறை உண்டு: ஒவ்வொரு வெளியீடும் தன் பாட்டுக்கு முடிவெடுக்கும். `wheat` 0.7, `grain` 0.3 என்று வந்து, தாய் டேக் இல்லாமல் பிள்ளை டேக் மட்டும் விழும். `wheat` விழுந்தால் `grain`-ஐயும் சேர் என்று பின்னால் ஒரு வரி விதி எழுதினால் போதும், இதற்காக மாடலை மாற்றத் தேவையில்லை. செய்தி எந்த மொழியில் இருக்கிறது என்பது போல ஒன்றே ஒன்றுதான் பொருந்தும் என்ற கேள்விகளுக்கு சாஃப்ட்மேக்ஸை விடக் கூடாது. அதே மாடலில் பக்கத்தில் தனித் தலையாக வைத்து, இரண்டு லாஸையும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டும்போது அந்த 90-ஆல் வகுபடும் கணக்கை மறந்தால் மொழித் தலை மட்டுமே கற்கும், டேக் தலை பட்டினி கிடக்கும்.