95 டிகிரியைப் பிடிக்கிறதா, பாதி ஆவியைப் பிடிக்கிறதா: பென்சீன்-டொலுவீன் ஃப்ளாஷ் டிரம்

எங்க பைலட் யூனிட்ல ஒரு சின்ன ஃப்ளாஷ் டிரம் இருக்கு, பென்சீனும் டொலுவீனும் மோல் கணக்குல பாதிக்குப் பாதி கலந்த ஃபீடு, டிரம்ல 760 மி.மீ. பாதரச அழுத்தம். ஹீட்டர்ல நல்லா சூடாகி வால்வு தாண்டி டிரம்முக்குள்ள வந்ததும் ஒரு பங்கு ஆவியா மேல கண்டென்சருக்குப் போகும், மிச்சம் திரவமா கீழ இறங்கும். இதை ஓட்ட ரெண்டு வழி. டிரம் டெம்பரேச்சரை ஒரு இடத்துல நிறுத்தி வர்றதை வாங்கிக்கலாம், இல்ல ஃபீடுல இத்தனை பங்கு ஆவியாகணும்னு முடிவு பண்ணி அதுக்குத் தக்கபடி ஸ்டீமை ஏத்தி இறக்கலாம். நான் முதல்ல டெம்பரேச்சர் வழியிலதான் ஓட்டினேன், இப்ப ரெண்டாவதுக்கு மாறிட்டேன், ஏன்னு சொல்றேன்.

டெம்பரேச்சர் வழியோட கணக்கு ரொம்ப சுலபம், அதான் எல்லாரும் முதல்ல அதுக்குப் போறாங்க. ரெண்டே பொருள்தான், அழுத்தமும் டெம்பரேச்சரும் தெரிஞ்சா x, y ரெண்டும் நேரா வந்துடும், டிரையல் அண்ட் எரர் எதுவும் வேணாம். P டிரம் அழுத்தம், Pb, Pt ரெண்டும் அந்த டெம்பரேச்சர்ல பென்சீன், டொலுவீனோட ஆவி அழுத்தம். x திரவத்துலயும் y ஆவியிலயும் z ஃபீடுலயும் இருக்கிற பென்சீனோட மோல் பங்கு, V/F ஃபீடுல ஆவியாகிற பங்கு.

```
x = (P - Pt) / (Pb - Pt)
y = x * Pb / P
V/F = (z - x) / (y - x)
```

95 டிகிரியில ஆண்ட்வான் சமன்பாட்டுல போட்டா Pb 1177, Pt 477 மி.மீ. வரும். x 0.404, y 0.626, V/F 0.43. அதாவது 100 மோல் ஃபீடுல 43 ஆவி, 57 திரவம். சரிபார்க்க பென்சீனை மட்டும் எண்ணிப் பாருங்க, ஆவியில 27, திரவத்துல 23, கூட்டினா உள்ள விட்ட 50.

இங்க ஒரு குழி இருக்கு. முதல் ரெண்டு வரியில z-யே கிடையாது கவனிச்சீங்களா, அதனால டெம்பரேச்சர் தப்பா இருந்தாலும் x, y ரெண்டும் பாக்க நல்ல நம்பராவே வரும். 90 டிகிரின்னு போட்டுப் பாருங்க, x 0.575, y 0.773, ஆகா நல்ல பிரிவுன்னு தோணும். ஆனா மூணாவது வரி -0.38 சொல்லும். இந்த ஃபீடு 92.1-லதான் கொதிக்கவே ஆரம்பிக்குது, 90-ல டிரம்ல ஆவியே இருக்காது. V/F பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல வரலைன்னா மேல உள்ள ரெண்டு நம்பரையும் அடிச்சிடணும்.

சரி, கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை மாத்தினது வேற விஷயம். 92.1-ல கொதிக்க ஆரம்பிச்சு 98.8-ல முழுசா ஆவியாயிடுது, மொத்த ஜன்னலே ஏழு டிகிரிக்குள்ளதான். பூஜ்யம் சதவீத ஆவியிலேர்ந்து நூறு சதவீதம் வரைக்கும் எல்லாமே அதுக்குள்ள அடங்கணும். 94-ல V/F 0.29, 95-ல 0.43, 96-ல 0.57. ஒரு டிகிரிக்கு ஃபீடுல 14 சதவீதம் இடம் மாறுது. இப்ப உங்க சென்சாரை நினைச்சுப் பாருங்க. கிளாஸ் பி பி.டி.100-க்கு 95 டிகிரியில அனுமதிச்ச பிழையே முக்கால் டிகிரிக்கு மேல. சென்சார் மேல ஒரு குத்தமும் இல்லாமலே உங்க V/F பத்து சதவீதம் மேலயோ கீழயோ போயிடலாம்.

எங்களுக்கு நடந்ததும் அதேதான். டிஸ்ப்ளேல 95 அசையாம நிக்குது, கண்டென்சர்லேர்ந்து 43 சதவீதம் வரணும், வந்தது 56 கிட்ட. முதல்ல ஃபீடு பம்பு மேல சந்தேகப்பட்டோம், ரெண்டு பக்கமும் எடை போட்டுக் கூட்டினா ஃபீடோட சரியா ஒத்துப்போச்சு, அழுத்தமும் 760-லயே இருந்துச்சு. அப்புறம் அடித் திரவத்தை ஜி.சி.ல, அதாவது கேஸ் குரோமட்டோகிராஃப்ல போட்டோம், பென்சீன் 0.38 கிட்ட. அழுத்தம் தெரிஞ்சிருந்தா அடித் திரவத்தோட கலவையே ஒரு தெர்மாமீட்டர் மாதிரிதான், 0.38-க்கு உரிய டெம்பரேச்சர் 95.8. சென்சார் செருகின தெர்மோவெல் டிரம் சுவரை ஒட்டி, இன்சுலேஷன் போடாத இடத்துல இருந்துச்சு, வெப்பம் வெளிய போய் குறைச்சுக் காட்டியிருக்கு. ஆபரேட்டர் டிஸ்ப்ளே 95 காட்டுற வரைக்கும் ஸ்டீமைக் கூட்டிட்டே போயிருக்காரு, அவர் மேல என்ன தப்பு. (இந்த ஜோடிக்கு ரிஃப்ராக்டோமீட்டர் உதவாது, பென்சீன் 1.501, டொலுவீன் 1.496, ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஜி.சி. வேணும்.)

அழுத்தமும் இதே மாதிரிதான் ஆட்டும். ஆவி லைன்ல ஏதோ அடைச்சு டிரம் 780-க்குப் போச்சுன்னா, அது வெறும் 27 செ.மீ. தண்ணி உயரம்தான், 95-லயே நின்னாலும் V/F 0.43-லேர்ந்து 0.30-க்கு விழுந்துடும்.

இப்ப ரெண்டாவது வழி. பாதி ஆவியாகணும்னு வெச்சுக்கிட்டோம். கிராஃப்ல (z, z) புள்ளியிலேர்ந்து -(1-V/F)/(V/F) சரிவுல ஒரு கோடு, இங்க சரிவு -1, அது சமநிலை வளைவை வெட்டுற இடம்தான் விடை. பென்சீனோட ஆவி அழுத்தம் டொலுவீனை விட எத்தனை மடங்குங்கறதுதான் α, அதை 2.47-னு எடுத்தா x 0.389, y 0.611. α 92 டிகிரியில 2.49, 98.8-ல 2.44, அதனால ஒரே நம்பரா வெச்சுக்கறதுல பெரிய நஷ்டமில்ல. எத்தனால்-தண்ணிக்கு மட்டும் இதைச் செய்யாதீங்க, அங்க வளைவு அஸியோட்ரோப்ல மூலைவிட்டத்தையே தொட்டுடும், அளந்த டேட்டாவை வெச்சுதான் வரையணும்.

நடைமுறையில கண்டென்சேட்டையும் அடித் திரவத்தையும் தராசுல எடை போட்டு சமமா வர்ற மாதிரி ஸ்டீமை திருகுறோம். எடையில பாதின்னா மோல்ல 0.51, ஏன்னா ஆவிப் பக்கம் சராசரி மூலக்கூறு எடை கொஞ்சம் குறைவு, அதைத் திருத்திக்கலாம். முக்கியமா, V/F 0.05 தப்பாப் போனாக்கூட x வெறும் 0.011 தான் நகருது. டெம்பரேச்சர் ஒரு டிகிரி தப்பினா 0.03 நகருது. தராசுல 5 சதவீதம் தப்பு வர்றது ரொம்ப அபூர்வம், டிகிரி ஒண்ணு தப்புறது தினசரி நடக்கறது. அதுக்கப்புறம் டெம்பரேச்சரை நாங்க செட் பண்றதில்ல, சும்மா பாத்துக்கறோம், 95.5 கிட்ட வரணும், வரலைன்னா சென்சாரையோ அழுத்தத்தையோ தேடிப் போறோம்.

ஆனா டெம்பரேச்சர் வழிக்கு ஒரு பலம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஃபீடு 0.50-லேர்ந்து 0.45-க்கு இறங்குதுன்னு வைங்க. டெம்பரேச்சர் 95-ல உண்மையிலேயே நின்னா x, y அப்படியே 0.404, 0.626 தான், ஆவியோட அளவு மட்டும் 43-லேர்ந்து 21-க்குக் குறையும். பாதி ஆவின்னு பிடிச்சிருந்தா அளவு மாறாது, ஆனா y 0.611-லேர்ந்து 0.56-க்கு இறங்கிடும், x-ம் 0.34 ஆயிடும். அதனால ஃபீடு அடிக்கடி மாறி, மேல போற ஆவியோட சுத்தம்தான் முக்கியம்னா டெம்பரேச்சரைத்தான் பிடிக்கணும், நல்ல சென்சார் வாங்கி, நல்ல இடத்துல வெச்சு. எங்களுக்கு ஃபீடு ஒரே டேங்கிலேர்ந்து வருது, டேங்குக்கு ஒரு தடவை ஜி.சி. பாக்கறோம், z நகர்றதே இல்ல, கீழ அடுத்த யூனிட்டுக்கு ஒரே அளவு திரவம் போயாகணும். அதனால எங்களுக்குப் பாதி ஆவிதான்.

இதெல்லாம் பைலட் அளவுல பாத்தது. பெரிய டிரம்ல ஆவியை தராசுல நிறுக்க முடியாது, ஃப்ளோமீட்டரை நம்பணும், அதோட பிழையை V/F-ல போட்டு x எவ்வளவு நகருதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு எடுங்க.