மௌனத்தை வெட்டினால் பார்ப்பவர் தங்குகிறாரா? ஜம்ப் கட்டோடு நீண்ட நாள் அனுபவம்

விரிதாள் பாட வீடியோக்கள் செய்கிறேன். திரையில் ஒரு ஃபார்முலா, பின்னணியில் என் குரல், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் முகம். பேச்சுக்கு நடுவில் வரும் மௌனங்களை வெட்டி ஒட்டும் ஜம்ப் கட் முறையை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். ரிடென்ஷன், அதாவது பார்ப்பவர் விட்டுப்போகாமல் தங்குவது, கூடியதா என்று கேட்டால், கூடியது. ஆனால் பாடத்தின் எல்லா இடத்திலும் அல்ல.

கருவி auto-editor. இலவசம், கட்டளை வரியில் ஓடும். ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் இடங்களைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை எடிட்டிங் மென்பொருளில் திறக்கும்படி டைம்லைனாகவே தந்துவிடும். நான் ஓட்டுவது இதுதான்:

```
auto-editor paadam.mp4 --edit audio:threshold=4% --margin 0.15sec,0.3sec --export resolve
```

இதில் கவனிக்க வேண்டியது margin. பேச்சு தொடங்குவதற்கு முன் 0.15 விநாடியும், முடிந்த பின் 0.3 விநாடியும் விட்டுவை என்று பொருள். எதுவும் கொடுக்காவிட்டால் இரு பக்கமும் 0.2 விநாடி. தமிழ்ப் பேச்சுக்குப் பின்பக்கம் கூடுதலாக வேண்டும். நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடிகிறது, முடியும்போது குரல் இறங்கிவிடுகிறது. 'எடுத்து', 'பார்த்து' என்பவற்றின் கடைசி உகரம் ஏற்கெனவே அரை மாத்திரைதான். 'செய்யலாம்' என்பதன் கடைசி மகர ஒற்றும் மெலிவாகவே விழும். பின்பக்கம் கஞ்சத்தனம் செய்தால் முதலில் போவது இவைதான். 'செய்யலா' என்று அறுந்து கேட்டால், கேட்பவருக்குக் காரணம் தெரியாது; யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இன்னொன்று இரட்டை வல்லினம். 'பத்து', 'பட்டு' என்னும்போது நாக்கு அடைத்திருக்கும் அந்தக் கணம் உண்மையிலேயே மௌனம், சுமார் 0.1 முதல் 0.2 விநாடி வரை. சில மென்பொருள்களில் 'குறைந்தபட்ச மௌனம்' என்று ஓர் அளவு கேட்பார்கள். அங்கே 0.1 என்று போட்டால் சொல்லுக்கு உள்ளேயே கத்தி விழும். அரை விநாடிக்குக் கீழே நான் போவதே இல்லை. வெட்டுவதற்கு முன் எங்கெங்கே மௌனம் இருக்கிறது என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால் ffmpeg போதும்:

```
ffmpeg -i paadam.wav -af silencedetect=noise=-35dB:d=0.5 -f null -
```

ஒவ்வொரு மௌனத்தின் தொடக்கம், முடிவு, நீளம் எல்லாம் வரிசையாக வரும். அந்த -35 எல்லோருக்கும் பொருந்தாது. யாரும் பேசாத அறையின் இரைச்சல் எந்த அளவில் நிற்கிறது என்று மீட்டரில் பார்த்துவிட்டு, அதற்கும் பேச்சுக்கும் நடுவில் வைக்க வேண்டும்.

சரி, அவசரமாகக் கேட்பது ஏன்? சொற்களின் வேகம் மாறவே இல்லையே. margin கணக்கைப் பார்த்தால் புரியும். 0.3-ம் 0.15-ம் சேர்ந்து 0.45 விநாடி. அதைவிட நீளமான எந்த மௌனமும் வெட்டியபின் சரியாக 0.45 விநாடியாகிவிடும். நான் சாதாரணமாகப் பேசும்போது காற்புள்ளிக்கு 0.3 விநாடி, முற்றுப்புள்ளிக்கு 0.6 அல்லது 0.7, ஒரு விஷயத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரு விநாடிக்கு மேல் விடுகிறேன். கருவி போனபின் முற்றுப்புள்ளியும் பத்தி மாற்றமும் ஒரே நீளம். எங்கே ஒரு கருத்து முடிந்தது என்பது காதுக்குத் தெரியாமல் போகிறது. மூச்சு வாங்காமல் பேசுகிறார் என்று சொல்வது இதைத்தான்.

மூச்சும் ஒரு சிக்கல்தான். மூச்சிழுப்பின் பாதியில் வெட்டு விழுந்தால் விக்கல் மாதிரி கேட்கும். முழு மூச்சையும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுதாக எடுக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் ஒலிக்கு மட்டும் 10, 20 மில்லி விநாடி கிராஸ்ஃபேட் போட்டால் 'டிக்' சத்தம் போய்விடும்.

இனி ரிடென்ஷன். யூடியூப் ஸ்டூடியோ காட்டும் சராசரி சதவீதத்தை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. 12 நிமிடப் பாடத்தை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் 30 விநாடி பார்க்கிறார் என்று வையுங்கள், 37.5 சதவீதம். மௌனத்தை எடுத்ததும் அது 9 நிமிடம் 36 விநாடி ஆகிறது. அவர் அதே 4 நிமிடம் 30 விநாடிதான் தருகிறார் என்றாலும் சதவீதம் 47-ஐத் தொட்டுவிடும். கூடுதலாக ஒரு விநாடிகூட அவர் தங்கவில்லை. இதற்கு நேர்மாறாக, அவர் முன்பு விட்டுப்போன அதே வாக்கியத்திலேயே விட்டுப்போனால், வெட்டு சீராக விழுந்திருக்கும்வரை சதவீதம் அப்படியே இருக்கும், பார்த்த நேரம் 3 நிமிடம் 36 விநாடியாகக் குறையும். அது நஷ்டமும் அல்ல.

அதனால் நிமிடத்தை விட்டுவிட்டு, பாடத்துக்குள் இருக்கும் இடங்களை வைத்து ஒப்பிடுகிறேன். என் பாடங்கள் எல்லாம் ஒரே அமைப்பு: இன்று என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி முடிக்கும் இடம், முதல் ஃபார்முலாவை அடித்து முடிக்கும் இடம், பிழை வந்து அதை விளக்கி முடிக்கும் இடம். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்பதை ஸ்டூடியோ காட்டும் ரிடென்ஷன் வளைகோட்டிலிருந்து குறித்துக்கொள்கிறேன். புதியவர்களையும் ஏற்கெனவே வருபவர்களையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். பழகியவர்கள் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், அவர்கள் அதிகம் வந்த வீடியோ தானாகவே நன்றாகத் தெரியும். ஒரே பாடத்தின் இரண்டு வடிவங்களை யூடியூபில் மோதவிட்டுப் பார்க்க வழியில்லை. தலைப்புக்கும் தம்ப்நெய்லுக்கும்தான் அந்த வசதி. ஆகவே இது துல்லியமான சோதனை அல்ல, பல பாடங்களில் ஒரே திசை தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

தெரிந்தது. தொடக்கத்திலிருந்து முதல் ஃபார்முலா வரை இறக்கம் குறைந்தது, புதியவர்களிடம் தெளிவாகவே. அங்கே வெட்டப்பட்டவை பெரும்பாலும் நான் மெனுவைத் தேடிய, அடுத்த வாக்கியத்தை யோசித்த மௌனங்கள். அவை யாருக்கும் தேவையில்லை.

பிழை விளக்கத்தில் நடந்தது வேறு. VLOOKUP பாடத்தில் கடைசி இடத்தில் FALSE ஏன் வர வேண்டும் என்று சொல்லும் பகுதி. இறுக்கமாக வெட்டிய பாடத்தில் அங்கே வளைகோடு ஒரு சின்ன மேடாக எழுந்தது. மேடு என்றால் பின்னால் இழுத்து மறுபடி பார்க்கிறார்கள். சுவாரசியமான இடமாகவும் இருக்கலாம், ஆனால் மேடு முடிந்ததும் கோடு சரசரவென்று இறங்கினால் புரியாமல் போனதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஃபார்முலா திரைக்கு வந்த பிறகு நான் பேசாமலிருந்த ஒன்றரை விநாடியைக் கருவி தூக்கிவிட்டது; ஒலிக்கு அது மௌனம், பார்ப்பவரோ அப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறார். INDEX, MATCH பாடத்தில் அதே மாதிரியான இடத்தில் அந்த இடைவெளியைத் திரும்ப வைத்தேன். மேடு இல்லை.

இப்போது கருவி கொடுக்கும் டைம்லைனில் இரண்டு இடங்களை மட்டும் கையால் நீட்டுகிறேன்: விஷயம் மாறும் இடத்தில் ஒரு விநாடி, திரையில் புதிதாக ஒன்று தோன்றும் இடத்தில் அதைப் படிக்கத் தேவைப்படும் நேரம். மற்ற 0.45-கள் அப்படியே கிடக்கட்டும். அப்புறம், முகம் தெரியும் பகுதியில் வெட்டுக்கு வெட்டு தலை குதிக்கும். ஒன்று விட்டு ஒன்றை 110 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கேமரா மாறியது போலத் தெரியும். திரைப் பதிவில் அதைச் செய்யக் கூடாது, எழுத்துகள் ஆடும்.

வெளியிடுவதற்கு முன் திரையைப் பார்க்காமல் 1.25 மடங்கு வேகத்தில் ஒருமுறை கேட்கிறேன். நிறையப் பேர் அந்த வேகத்தில்தான் பார்க்கிறார்கள், அதில் 0.45 விநாடி 0.36 ஆகிவிடும். ஒரு வாக்கியத்தின் வினைச்சொல் மனதில் இறங்குவதற்குள் அடுத்த வாக்கியம் வந்து ஏறினால், அந்த ஒட்டும் இடத்தை மட்டும் திறந்து கால் விநாடி சேர்க்கிறேன்.